ஓட்டம் இருக்கட்டும், முதலில் கையைக் கவனி!

"அக்கா, அப்ஸ்டக்கிள் ரேஸுக்குப் பேர் கொடுத்துட்டேன்" என்று செம்பரம்பாக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளும், ஒரகடம், வல்லம் விடுதிப் பிள்ளைகளும் வந்து சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் பேர் கொடுத்த மறுநாளே எல்லாரும் ஒரே வேலையைச் செய்கிறீர்கள். ஷூவை மாட்டிக்கொண்டு ஓடக் கிளம்பிவிடுகிறீர்கள். தினமும் ஓட்டம், ஓட்டம், ஓட்டம். பந்தயத்தன்று கால் நன்றாகவே ஓடுகிறது. மங்கி பாரில் மூன்றாவது கம்பியைப் பிடிக்கும்போது கை விட்டுவிடுகிறது.

இந்தப் பந்தயத்தின் கணக்கைக் கொஞ்சம் பார். நம் நாட்டில் 2012-லிருந்து நடக்கும் டெவில்ஸ் சர்க்யூட் சுமார் 5 கிலோமீட்டர், 15 தடைகள். வெளிநாட்டு ஸ்பார்ட்டன் பந்தயத்தில் ஸ்பிரிண்ட் என்பது 5 கிலோமீட்டருக்கு 20 தடை, சூப்பர் 10 கிலோமீட்டருக்கு 25, பீஸ்ட் 21 கிலோமீட்டருக்கு 30. ஆக, சின்னப் பந்தயத்தில் சுமார் முன்னூறு மீட்டருக்கு ஒரு தடை வந்து நிற்கும். அதில் கம்பி, கயிறு, வாளி, மூட்டை என்று பல தடை கையில்தான் முடியும். ஸ்பார்ட்டனில் ஒரு தடையைத் தவறவிட்டால் 30 பர்பீ என்று பல வருடம் தண்டனை வைத்திருந்தார்கள். கை ஒருமுறை விட்டால் எவ்வளவு நேரமும் மூச்சும் போகும் என்று நீயே நினைத்துப் பார்.

உனக்கு நேரம் இல்லை, தெரியும். ஷிப்ட், கம்பெனி பஸ், துணி துவைப்பது, ஊருக்குப் போன் பேசுவது எல்லாம் போக மிச்சம் இருப்பதில்தான் இதைச் செய்யவேண்டும். அதனால் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் கேட்கிறேன். அந்த மூன்று நாளையும் நான் சொல்கிற மாதிரி செலவழி.

1. முதலில் கையைச் சோதித்துப் பார்

பூங்காவிலோ பள்ளி மைதானத்திலோ ஒரு கம்பி கிடைக்கும். ஓடாமல், களைப்பில்லாமல் போய் அதில் தொங்கு. கை தானாக விடும்வரை எத்தனை விநாடி என்று குறித்துக்கொள். இன்னொரு நாள் ஒரு கிலோமீட்டர் வேகமாக ஓடிவிட்டு, மூச்சு வாங்கும்போதே அதே கம்பியில் தொங்கு. இரண்டாவது எண் கட்டாயம் குறைவாக இருக்கும். பந்தயத்தில் உன்னிடம் இருக்கப்போகும் கை அந்த இரண்டாவது எண்தான்.

ஏன் குறைகிறது? கம்பியை இறுக்கிப் பிடித்தால் முன்கைத் தசை கல்லாக இறுகி, தனக்குள் ஓடும் ரத்தக் குழாயையே நெரிக்கும். ரத்தம் வராத தசை எரிய ஆரம்பிக்கும், பிறகு விரல் திறந்துகொள்ளும். ஓடி வந்த உடம்பில் கால் தசையும் அதே நேரம் ரத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். போதாததற்கு உள்ளங்கையில் வியர்வை, சேறு. அதனால்தான் ஜிம்மில் ஒரு நிமிஷம் தொங்குகிறவர்கள்கூடப் பந்தயத்தில் பதினைந்து விநாடியில் கீழே நிற்கிறார்கள்.

விரலைத் திறந்து உதறினால் ரத்தம் திரும்பிவிடும். மங்கி பாரில் போகும்போது ஒரு கை முன்னால் போகிற அந்த ஒரு கணம்தான் அந்தக் கைக்கு ஓய்வு. இரண்டு கையாலும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு "அடுத்தது எது" என்று யோசித்து நிற்காதே. ஆடிக்கொண்டே போய்க்கொண்டிரு.

2. லைனில் வேலை செய்கிற கை ஏற்கெனவே வேலை செய்த கை

இதை யாரும் உனக்குச் சொல்லமாட்டார்கள், அதனால் நான் அழுத்திச் சொல்கிறேன். இணையத்தில் இருக்கிற பயிற்சித் திட்டம் எல்லாம் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு எழுதியது. நீ எட்டு மணி நேரம் ஸ்க்ரூ கன்னைப் பிடிக்கிறாய், கனெக்டரைக் கட்டைவிரலால் அழுத்துகிறாய், ட்ரேயைத் தூக்குகிறாய். அந்த முன்கையை ஷிப்ட் முடிந்ததும் தினமும் கம்பியில் தொங்கவிட்டால் மூன்றாவது வாரத்தில் முழங்கை வலிக்க ஆரம்பிக்கும்.

அந்த வலியை எப்படி அடையாளம் காண்பது? காலையில் எழுந்து ஈரத்துணியைப் பிழியும்போதோ, தண்ணீர்ச் சொம்பைத் தூக்கும்போதோ முழங்கையின் உள்பக்க எலும்பிலோ வெளிப்பக்க எலும்பிலோ சுருக்கென்று பிடிக்கும். அந்த இடத்தை விரலால் அழுத்தினால் வலிக்கும். தசை வலி என்றால் இரண்டு நாளில் போய்விடும், தொட்டால் பரவலாக இருக்கும். இது ஒரே புள்ளியில் நிற்கும், நாளாக ஆக அதிகமாகும். இது தசைநார் அழுகிற அழுகை. உடனே தொங்குவதை நிறுத்து. ஒரு வாரம் ஓட்டம் மட்டும் செய். குறையவில்லை என்றால் டாக்டரைப் பார். வலி மாத்திரை போட்டுக்கொண்டு கம்பிக்குப் போகிற வேலை வேண்டாம்.

வராமல் தடுக்க இரண்டு வேலை போதும். ஐந்து விரலையும் குவித்து ஒரு தடித்த ரப்பர் பேண்டை மாட்டி, விரலை விரித்து விரித்து மூடு. இருபது முறை, இரண்டு கையும். பஸ்ஸில் உட்கார்ந்தே செய்யலாம். அடுத்து, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, முன்கையை மேஜைமேல் வைத்து, மணிக்கட்டை மெதுவாகக் கீழே இறக்கு. ஏற்றுவதற்கு மற்றக் கையால் உதவிக்கொள். இறக்குவதுதான் மருந்து.

3. வாரம் மூன்று நாள், இப்படி

கணக்குக்கு ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 5 கிலோமீட்டரை 36 நிமிஷத்தில் ஓடுகிறாள். களைப்பில்லாமல் 18 விநாடி தொங்குகிறாள், ஓடிவிட்டு 9 விநாடி. பந்தயத்துக்குப் பத்து வாரம் இருக்கிறது.

முதல் நாள், மெதுவான ஓட்டம், 35 நிமிஷம். பக்கத்தில் ஓடுகிறவளிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். பேச முடியவில்லை என்றால் நட, வெட்கம் எதற்கு? முடிந்து மூச்சு அடங்கியதும் 9 விநாடியாக ஐந்து முறை தொங்கு, இடையில் ஒரு நிமிஷம் ஓய்வு. 18 தொங்க முடிகிறவளை ஏன் 9-ல் இறங்கச் சொல்கிறேன் என்றால், கை தானாக விடும்வரை தொங்குவது சோதனைக்கு மட்டும்தான். பயிற்சியில் பாதியில் இறங்கினால்தான் மறுநாள் லைனில் கை நடுங்காது. வாரத்துக்கு ஒன்றிரண்டு விநாடி ஏற்றினால் போதும்.

இரண்டாம் நாள்தான் இந்தப் பயிற்சியின் உயிர். அதைத் தவறவிடாதே. 800 மீட்டர் கொஞ்சம் வேகமாக ஓடு, நிற்காமல் வந்து கம்பியில் 6 விநாடி தொங்கு, இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு 60 மீட்டர் நட, 10 மீட்டர் தவழ். இது ஒரு சுற்று. இரண்டு நிமிஷம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி. முதல் மூன்று வாரம் மூன்று சுற்று, நான்காவது வாரத்திலிருந்து நான்கு, ஏழாவது வாரத்திலிருந்து ஐந்து. ஓட்டத்தைத் தனியாக, கையைத் தனியாகப் பழகினால் பந்தயத்தில் இரண்டும் சேர்ந்து வரும்போது உடம்புக்குப் புதிதாக இருக்கும்.

மூன்றாம் நாள், விடுமுறை நாளாக வைத்துக்கொள். 50 நிமிஷம் ஓட்டமும் நடையும் கலந்து. பிறகு கயிறு, கம்பி, சுவர் என்று எது கிடைக்கிறதோ அதில் முறையை மட்டும் பழகு. இந்த நாளில் பலத்தைக் காட்டாதே.

ஐந்தாவது வாரத்திலிருந்து கம்பியில் ஈரத்துண்டைப் போட்டு, அதைப் பிடித்துத் தொங்கு. வழுக்கும், தடிமனாகவும் இருக்கும், அதுதான் பந்தயக் கம்பி. கடைசி வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறை. பந்தயத்துக்கு முந்தைய நான்கு நாள் கம்பியைத் தொடவே கூடாது.

நைட் ஷிப்ட் வாரத்தில் இரண்டாம் நாள் பயிற்சி வேண்டவே வேண்டாம். விடிய விடிய நின்றுவிட்டு வந்து, தூங்காத கையோடு கம்பியில் தொங்கினால் விழுவாய். அந்த வாரம் தூங்கி எழுந்து சாயங்காலம் மெதுவான ஓட்டம் இரண்டு முறை போதும். ஒரு வாரத்தில் பலம் எங்கேயும் ஓடிவிடாது.

4. ஜிம்முக்குப் பணம் கட்டாதே, வாளி இருக்கிறது

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இதைவிடச் சுலபமான எடைக்கல் உலகத்தில் கிடையாது. கைப்பிடி உள்ள இரண்டு வாளியில் எட்டெட்டு லிட்டர் ஊற்றித் தூக்கி நட. தண்ணீர் தளும்பும், தளும்பாமல் நடக்கப் பழகினாலே இடுப்பு நேராக நிற்கும். பந்தயம் நெருங்கும்போது பன்னிரண்டு லிட்டர். கைப்பிடிக் கம்பி மெல்லியதாக இருந்து விரலை அறுத்தால் துணி சுற்றிக்கொள்.

கட்டிப்பிடித்துத் தூக்கும் வாளி வேறு வகை. இருபது லிட்டர் காலி பெயிண்ட் வாளியை எடுத்து எம்-சாண்ட் போடு. முழுசாக நிரப்பினால் முப்பது கிலோவுக்குமேல் வந்துவிடும், ஜாக்கிரதை. பாதியில் ஆரம்பி. வாளியின் விளிம்பைப் பிடிக்காதே, விரல் நிமிஷத்தில் செத்துப்போகும். அடியில் ஒரு கையைக் கொடுத்து, அந்த மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துப் பூட்டு. வாளி வயிற்றோடு ஒட்டி இருக்கட்டும், மார்புக்கு ஏற்றினால் மூச்சு அடைக்கும். சின்னச் சின்ன அடி வை. வாளியைக் கீழே வைத்து வைத்து எடுப்பதுதான் பெரிய செலவு, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் முதுகு குனிந்து தூக்கவேண்டும். முடியவில்லை என்றால் நின்றுகொள், வைக்காதே.

மூட்டைக்கு 25 கிலோ அரிசிச் சிப்பத்தின் காலிப் பையில் மணலைப் பாதி போட்டு, இன்னொரு பைக்குள் வைத்துக் கட்டு. தோளில் போட்டு நடக்கும்போது அடிக்கடி தோள் மாற்று. கேன் தண்ணீரைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் பயிற்சி செய்கிறேன் என்று போகாதே. ஈரத்தில் வழுக்கி உன் பாதத்தில்தான் விழும்.

5. கயிறு கையால் ஏறுவது இல்லை

போலீஸ் செலக்‌ஷனுக்குப் போன தம்பிகளுக்குத் தெரியும். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் ஆண்களுக்குக் கயிறு ஏறுவது உண்டு. 5 மீட்டருக்கு ஒரு ஸ்டார், 6 மீட்டருக்கு இரண்டு. அதனால் அந்தத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் மைதானங்களில் கயிறு கட்டியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்க் கேள். தனியாக மரத்தில் கயிறு கட்டிப் பழகாதே, கிளை முறியும்.

கயிறு உன் வலதுகாலின் வெளிப்பக்கமாக இறங்கி, வலது பாதத்துக்கு அடியில் போய், உள்பக்கம் மேலே வரவேண்டும். அதன்மேல் இடது பாதத்தை வைத்து மிதித்துப் பூட்டு. இப்போது அந்தப் பூட்டின்மேல் எழுந்து நில். கால்தான் உன்னைத் தூக்குகிறது, கை வெறுமனே அடுத்த இடத்தைப் பிடிக்கிறது. இந்தப் பூட்டைத் தரையில் உட்கார்ந்தே முதலில் போட்டுப் பார். கண்ணை மூடிக்கொண்டு போட வரவேண்டும்.

இறங்கும்போது சறுக்காதே. நார்க் கயிறு உள்ளங்கையையும் கணுக்காலையும் உரித்துவிடும். ஒரு கைக்குக் கீழே மறு கை என்று வைத்து இறங்கு. முழங்கால் வரை வரும் சாக்ஸ் போட்டுக்கொள்.

6. தவழ்வது

பந்தயத்தில் முள்கம்பிக்கு அடியில் போகவேண்டியிருக்கும். இடுப்பைத் தூக்கினால் கம்பி கிழிக்கும். முழங்கைக்கும் உள்தொடைக்கும் வேலை கொடு. இடம் அகலமாக இருந்தால் உருள்வது வேகம். ஆனால் நான்கு உருளலுக்கு ஒருமுறை நின்று எதிரே பார், இல்லாவிட்டால் தலை சுற்றி எழுந்ததும் சாய்வாய்.

புல் தரையில் பழகு. இறங்குவதற்கு முன் கண்ணாடித் துண்டு, நெருஞ்சிமுள் பார்த்துக்கொள். ஏரி ஓரச் சேற்றிலும் கால்வாயிலும் தவழ்ந்து பழகவே கூடாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

7. எங்கே ஓடுவது?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் போகும் சாலையில் ஓடாதே. கன்டெய்னர் லாரி டிரைவருக்கு இருட்டில் உன்னைத் தெரியாது. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் உனக்கும் அவரைத் தெரியாது. பள்ளி மைதானம், ஊருக்குள் இருக்கும் தெரு போதும். இரண்டாம் நாள் பயிற்சிக்கு வேண்டியது 200 மீட்டர் நேரான இடமும் ஒரு கம்பியும், அவ்வளவே.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஆசைகாட்டும். பொதுமக்களுக்கு அனுமதி இருக்கிற பகுதியில் மட்டும் போ. கரையேற்றத்தில் மூட்டையோடு நடப்பது அருமையான பயிற்சிதான். ஆனால் தண்ணீர்ப் பக்கம் கல் பதித்த சரிவில் கால் வைக்காதே, பாசி. அது 24 அடி நிறையும் ஏரி, சென்னைக்குக் குடிக்கப் போகிற தண்ணீர். அதில் இறங்குகிற பேச்சே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் உபரிநீர் திறக்கும் நாட்களில் அந்தப் பக்கமே போகாதே.

சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குமேல் வெயிலில் ஓட்டம் கூடாது. ஏ ஷிப்ட் முடிந்து மதியம் வந்து ஓடுகிறேன் என்று சொன்னால் திட்டுதான் வாங்குவாய்.

8. கழற்றவேண்டியதைக் கழற்று

மோதிரம். இதில் எனக்குச் சமாதானம் எதுவும் சொல்லாதே. கம்பியிலோ சுவரின் விளிம்பிலோ மோதிரம் மாட்டி உடம்பு கீழே இறங்கினால் விரல் தோல் உறையாக உரிந்துவிடும். வளையல், கழுத்துச் சங்கிலி, தொங்கட்டான் எல்லாம் அறையில் இருக்கட்டும். மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்றால் அதன்மேல் பிளாஸ்டர் சுற்றி, சாக்ஸ் போடு, இல்லாவிட்டால் பக்கத்து விரலை அரைத்துவிடும்.

கையுறை வேண்டாம். நனைந்தால் அது உள்ளேயே வழுக்கும். கையில் காய்ப்பு வந்தால் பெருமையாக விட்டுவைக்காதே. குளித்தபின் பாதம் தேய்க்கும் கல்லால் மேடு தெரியாத அளவு தேய், இரவில் தேங்காய் எண்ணெய் தடவு. மேடாக இருக்கிற காய்ப்புதான் கம்பியில் மடங்கிக் கிழியும். கம்பியை உள்ளங்கை நடுவில் வைத்துப் பிடித்தாலும் தோல் மடிந்து கிழியும். விரல் ஆரம்பிக்கிற கோட்டில் வைத்துப் பிடி, கட்டைவிரலைச் சுற்றிப் போடு.

பருத்தி டி-ஷர்ட், பருத்தி சாக்ஸ் இரண்டும் நனைந்தால் காயாது, கனக்கும், கொப்பளம் போடும். ஜெர்சித் துணி வாங்கிக்கொள். கம்பெனி சேஃப்டி ஷூவில் ஓடாதே.

9. பந்தயத்தன்று

முதல் கிலோமீட்டரை எல்லாரும் பாய்ந்து ஓடுவார்கள். நீ பேசிக்கொண்டு ஓடுகிற வேகத்தில் போ. கம்பி வருகிற தடைக்கு ஐம்பது மீட்டர் முன்பே நடக்க ஆரம்பி, கையைத் தொங்கவிட்டு உதறு. கையில் சேறு இருந்தால் தரையிலோ முழங்காலிலோ துடைக்காதே, அங்கேயும் சேறுதான். அக்குள் பக்கம் துணி காய்ந்திருக்கும், இல்லையென்றால் தொப்பிக்கு உள்பக்கம். பத்து விநாடி செலவழித்துத் துடைத்துவிட்டு ஏறு. அந்தப் பத்து விநாடிக்கு அவசரப்பட்டு விழுந்தவர்கள்தான் அதிகம்.

சுவரில் யாராவது கை கொடுத்தால் வாங்கிக்கொள். போட்டிப் பிரிவில் ஓடினால் மட்டும் உதவி வாங்கலாமா என்று விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்.

10. முடிந்தபின்

சேற்றில் தவழ்ந்த உடம்பில் கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு நிறைய இருக்கும். அறைக்கு வந்து குளிக்கலாம் என்று பஸ்ஸில் உட்காராதே. அங்கேயே நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவு. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டாய் என்பதைப் பந்தயத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிக் கேட்டுக்கொள்.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தசை வீங்கிக் கை மடக்க முடியாமல், சிறுநீர் கோலா நிறத்தில் போனால் "ஓடின அலுப்பு" என்று படுத்திருக்காதே. தசை உடைந்து அதன் சரக்கு சிறுநீரகத்துக்குப் போகிறது என்று அர்த்தம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. திடீரென்று ஒரே நாளில் ஐம்பது அறுபது புல்-அப்ஸ் எடுக்கிறவர்களுக்கும் இது வரும்.

ஏரிச் சேறும் கால்வாயும் வேண்டாம் என்றேனே, அது எலிக்காய்ச்சலுக்காக. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் சேறும் சிராய்ப்பு வழியாக உள்ளே போனால் வருகிற நோய். பெரும்பாலும் ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று தெரியும். பந்தயச் சேற்றிலிருந்து வந்திருந்தாலும், அதற்குள் நீ பந்தயத்தையே மறந்திருப்பாய். மெடிக்கல் ஷாப்பில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விடாதே. இ.எஸ்.ஐ. டாக்டரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ போய், "இத்தனை நாளுக்கு முன்னால் சேற்றில் தவழ்ந்தேன்" என்று நீயாகவே சொல். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதே, டெங்குவுக்கு மட்டும் சோதித்து அனுப்பிவிடுவார்கள்.